ஊசித்துளைப் பிம்பத்திலிருந்து சூரியனின் விட்டம்: நான்கு தூரங்களில் அளந்து கணக்கிடும் முறை

ஒரு அட்டையில் சிறு துளை போட்டு வெயிலில் பிடித்தால், பின்னால் இருக்கும் வெள்ளை அட்டையில் வட்டமான வெளிச்சப் பொட்டு ஒன்று விழும். அந்தப் பொட்டு சூரியனின் தலைகீழ் பிம்பம். துளைக்கு அந்தப் பக்கம் சூரியனை அடியாகக் கொண்ட மாபெரும் முக்கோணம், இந்தப் பக்கம் பொட்டை அடியாகக் கொண்ட குட்டி முக்கோணம். இரண்டும் வடிவொத்தவை. அதனால் பொட்டின் விட்டத்தைத் துளைக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வரும் எண்ணும், சூரியனின் விட்டத்தைச் சூரியனின் தூரத்தால் வகுத்தால் வரும் எண்ணும் ஒன்றே.

பள்ளிப் புத்தகத்தில் இத்தோடு முடிந்துவிடும். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் அட்டையைப் பிடித்தேன், பொட்டு 11 மி.மீ. இருந்தது. சூரியனின் சராசரி தூரமான 14 கோடியே 96 லட்சம் கி.மீ.யால் பெருக்கினேன். விட்டம் 16 லட்சத்து 45 ஆயிரம் கி.மீ. என்று வந்தது. உண்மையான விட்டம் 13 லட்சத்து 91 ஆயிரம் கி.மீ. பதினெட்டு சதவீதம் அதிகம். டேப்பைச் சரிபார்த்தேன், ஸ்கேலை மாற்றினேன், மறுபடி அளந்தேன். அதே 11 மி.மீ. தான் வந்தது. அளவில் தவறில்லை. அந்த 11 மி.மீ.க்குள் சூரியன் மட்டும் இல்லை, துளையும் சேர்ந்திருந்தது.

துளை எப்படிப் பிம்பத்துக்குள் வருகிறது

ஊசித்துளை ஒரு புள்ளி என்று நினைத்துத்தான் வடிவொத்த முக்கோணத்தை வரைகிறோம். ஆனால் 2 மி.மீ. துளை புள்ளி அல்ல. அதன் ஒவ்வொரு இடமும் தனித்தனியாக ஒரு சூரியப் பிம்பத்தைப் போடுகிறது. துளையின் இடது ஓரம் போடும் பிம்பம் சற்று இடப்பக்கம், வலது ஓரம் போடுவது சற்று வலப்பக்கம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், நடுவில் பளிச்சென்ற வட்டமும் ஓரத்தில் மங்கிக்கொண்டே போகும் ஒரு வளையமும் உண்டாகின்றன. அந்த மங்கலான வளையத்தின் வெளி விளிம்பு வரை அளந்தால், பிம்பத்தின் உண்மையான விட்டத்தோடு துளையின் விட்டமும் ஏறக்குறைய முழுதாகச் சேர்ந்துவிடும்.

ஒரு மீட்டரில் உண்மையான பிம்பம் 9.3 மி.மீ. தான். அதில் 2 மி.மீ. சேர்ந்தால் பெரிய பிழை. நான்கு மீட்டரில் பிம்பம் 37 மி.மீ.; அதில் அதே 2 மி.மீ. சேர்ந்தால் பிழை சிறியது, ஆனாலும் இருக்கிறது.

சரி, துளையை இன்னும் சின்னதாகப் போட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தையல் ஊசியின் நுனியால் 0.3 மி.மீ. அளவில் ஒரு துளை போட்டுப் பார்த்தேன். நான்கு மீட்டரில் விழுந்தது ஒரு வெளிறிய மேகம். விளிம்பு எங்கே என்று சொல்லவே முடியவில்லை. ஒளி ஓர் அலை. இடுக்கு குறுகக் குறுக அது வெளியே வந்ததும் அதிகமாக விரியும். இதைத்தான் விளிம்பு விளைவு என்கிறோம். அவ்வளவு சிறிய துளையில், நான்கு மீட்டர் தூரத்தில், இந்த விரிவு மட்டுமே ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். துளை பெரிதானால் துளையின் அளவே மங்கலாக்குகிறது, சிறிதானால் அலை விரிந்து மங்கலாக்குகிறது. இரண்டும் சமமாகும் அளவு ஒரு மீட்டருக்குச் சுமார் 1.4 மி.மீ., நான்கு மீட்டருக்குச் சுமார் 2.8 மி.மீ. ஒன்றிலிருந்து நான்கு மீட்டர் வரை ஒரே துளையைப் பயன்படுத்த வேண்டுமென்றால் 2 மி.மீ. பொருத்தமானது.

ஆக, துளையின் பங்கை ஒழிக்க முடியாது. ஆனால் அது எல்லாத் தூரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. அட்டையைப் பின்னால் தள்ளத் தள்ளச் சூரியப் பிம்பம் வளர்கிறது, துளையின் பங்கு அப்படியே நிற்கிறது. அதனால் நான்கு தூரங்களில் அளந்து, ஒவ்வொரு மீட்டருக்கும் பொட்டு எத்தனை மி.மீ. வளர்கிறது என்று மட்டும் பார்த்தால் துளை தானாகக் கழிந்துபோகும்.

அறையும் துளையும்

காலை வெயில் நேராக உள்ளே வரும் ஒரு ஜன்னலும், வெயில் வரும் திசையில் நான்கு மீட்டர் நீளமும் உள்ள அறை வேண்டும். மாலை வெயில் வரும் ஜன்னலும் ஆகும். அப்போது கீழே சொல்லும் வரிசையைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் தடிமனான அட்டையால் முழுதும் மூடி, இடுக்குகளில் துணி அடைத்துவிடுங்கள். இருட்டு முக்கியம். நான்கு மீட்டரில் பொட்டின் வெளிச்சம் நேரடி வெயிலில் 350-ல் ஒரு பங்குதான் இருக்கும். அறையில் வேறு வெளிச்சம் கசிந்தால், முதலில் மறைவது நாம் அளக்க வேண்டிய அந்த மங்கலான ஓரம்தான்.

மூடிய அட்டையில், தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, அதன்மேல் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டுங்கள். குளிர்பான டின்னை வெட்டி எடுத்த தகடு போதும். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். துளையைத் தடிமனான அட்டையிலேயே போடக் கூடாது. தடிமன் இருந்தால் அது குழாய் போல ஆகி, சாய்ந்து வரும் வெயிலைப் பாதி மறைத்துவிடும். தகட்டை மரக்கட்டைமேல் வைத்து 2 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையாலேயே திருகினால் நல்ல வட்டமாக வரும். பின்பக்கம் எழும்பிய பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். துளையின் அளவைத் தெரிந்துகொள்ள, தகட்டை ஸ்கேல்மேல் வைத்து போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கணக்குக்கு இந்த அளவு தேவையில்லை. கடைசியில் ஒரு சரிபார்ப்புக்கு உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் துளியும் சலுகை கிடையாது. துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணைத் துளைக்கு நேரே கொண்டுபோகவும் கூடாது. வலி தெரியாமலேயே விழித்திரை எரிந்துவிடும். எப்போதும் முதுகு சூரியன் பக்கம், கண் அட்டை பக்கம். சின்னப் பிள்ளைகள் உடன் இருந்தால், துளைப் பக்கம் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

எப்போது அளப்பது

சூரியன் மிகத் தாழ்ந்து இருந்தால் காற்றுமண்டலம் அதன் பிம்பத்தை மேலும் கீழுமாக நசுக்கிக் காட்டும். 20 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் இந்த நசுக்கல் கால் சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதேசமயம் சூரியன் ரொம்ப உயர்ந்துவிட்டால் கதிர் செங்குத்தாகத் தரையைத் தொட்டுவிடும், நான்கு மீட்டர் நீளம் கிடைக்காது. இதைக் கண்டுபிடிக்கச் சூரியனைப் பார்க்க வேண்டாம், வெளியே ஒரு குச்சியை நட்டு நிழலைப் பாருங்கள். நிழல் குச்சியின் உயரத்தைப் போல இரண்டரை மடங்காகக் குறைந்ததும் தொடங்கலாம். அது இரண்டு மடங்காகக் குறையும்போது, நான்கு மீட்டர் சென்ற கதிர் துளையிலிருந்து கிட்டத்தட்ட 1.8 மீட்டர் கீழே, அதாவது தரைக்கே வந்திருக்கும். இடையில் கிடைப்பது இருபது நிமிடமோ சற்று அதிகமோ. அதனால் நான்கு மீட்டரை முதலில் அளந்துவிட்டு, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று என்று முன்னால் வாருங்கள். கிட்டத்துத் தூரங்களுக்கு அவசரமில்லை.

பிம்பத்தை அளக்கும் அட்டை

முதலில் பொட்டின் இரு ஓரங்களிலும் பென்சிலால் குறித்து, பிறகு ஸ்கேலால் அளந்தேன். முடிவுகள் தாறுமாறாக வந்தன. காரணம், பொட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நான்கு மீட்டரில் அது ஒரு நிமிடத்துக்கு 17 மி.மீ.க்கு மேல் ஓடும்; இரண்டு நிமிடத்துச் சொச்சத்தில் தன் அகலம் முழுவதையும் கடந்துவிடும். ஓர் ஓரத்தைக் குறித்துவிட்டு ஐந்து விநாடி கழித்து மறு ஓரத்தைக் குறித்தால், அதற்குள் ஒன்றரை மி.மீ. போய்விட்டது.

அதனால் குறிப்பதை விட்டுவிட்டு, அளவை முன்கூட்டியே அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். கூரான பென்சில் பொருத்திய கவராயத்தால், ஒரே மையத்தில், 1 மி.மீ. விட்ட இடைவெளியில் வட்டங்கள். நான்கு மீட்டருக்கு 36 முதல் 42 மி.மீ. வரை, மூன்று மீட்டருக்கு 27 முதல் 33 வரை, இரண்டுக்கு 18 முதல் 23 வரை, ஒன்றுக்கு 9 முதல் 14 வரை. ஒவ்வொரு தொகுதியும் தனித்தனி வெள்ளை அட்டையில் இருக்கட்டும். கோடு மெல்லியதாக இருக்க வேண்டும்; அழுத்தி வரைந்த கோடு மங்கலான ஓரத்தை விழுங்கிவிடும்.

அட்டை கதிருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இருபது பாகை சாய்ந்தாலே பொட்டு ஒரு பக்கம் ஆறு சதவீதம் நீண்டு நீள்வட்டமாகிவிடும். இதைச் சரிசெய்ய ஓர் எளிய வழி: வட்டங்களின் மையத்தில் ஒரு குண்டூசியை அட்டைக்கு நேர் செங்குத்தாகக் குத்தி நிறுத்துங்கள். பொட்டு அதன்மேல் விழும்போது ஊசியின் நிழல் ஒரு பக்கமாக நீண்டு தெரியும். அட்டையை மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால் நிழல் சுருங்கிச் சுருங்கி, ஊசியின் தலைக்குக் கீழேயே ஒளிந்துகொள்ளும். அந்த நிலைதான் செங்குத்து. அட்டையை ஒரு நாற்காலி முதுகிலோ பெட்டியிலோ சாய்த்து அந்த நிலையில் நிறுத்திவிடுங்கள். கையில் பிடித்தால் நடுக்கம் அளவைக் கெடுக்கும்.

தூரத்தைத் தரையில் அளக்கக் கூடாது. கதிர் சாய்வாக வருகிறது, அதனால் டேப்பும் சாய்வாகத் துளையிலிருந்து அட்டையின் மையத்துக்கு நேராகப் போக வேண்டும். துளைத் தகட்டின் பக்கத்தில் டேப்பின் நுனியைப் பிடிக்க ஒருவர் இருந்தால் வேலை சுலபம். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் நான்கு மீட்டரில் அது கால் சதவீதம்தான், ஆனால் ஒரு மீட்டரில் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

இப்போது அளவு. பொட்டு மெதுவாக நகர்ந்து வட்டங்களின் நடுவுக்கு வரும்வரை காத்திருங்கள். நடுவுக்கு வந்ததும், மங்கலான வளையத்தின் வெளி விளிம்பு எந்த வட்டத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். இரண்டு வட்டங்களுக்கு நடுவில் நின்றால் அரை மி.மீ. என்று எழுதுங்கள். அதற்குமேல் நுணுக்கமாகப் படிக்க முயல வேண்டாம், கண்ணால் முடியாது. அட்டையைச் சற்று நகர்த்தி, மறுபடி நடுவுக்கு வரவிட்டு, ஒரு தூரத்துக்கு ஐந்து முறை படியுங்கள். ஐந்து முறையும் ஒரே ஆள் படிக்க வேண்டும். விளிம்பு எங்கே முடிகிறது என்பதில் ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறும். ஒரே ஆளின் தீர்ப்பு சற்றுத் தவறாக இருந்தாலும், எல்லாத் தூரத்திலும் ஒரே மாதிரித் தவறாக இருக்கும். துளையைப் போலவே அதுவும் கழிந்துவிடும்.

ஒரு நாளின் கணக்கு

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு காலையில் நான் எடுத்த அளவுகள் இவை. நான்கு மீட்டரில் படித்தவை 39, 39.5, 39, 39.5, 39, சராசரி 39.2 மி.மீ. மற்றவற்றுக்கும் இப்படியே சராசரி எடுத்தேன்.

```
தூரம் (மீ)   பொட்டு (மி.மீ)
1            11.0
2            20.8
3            29.5
4            39.2
```

இதை வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்து, எல்லாவற்றுக்கும் நடுவே போகும்படி ஒரு நேர்கோடு போடலாம். கோட்டின் சாய்வுதான் நமக்கு வேண்டிய எண். கையால் கணக்கிட விரும்பினால், சம இடைவெளியுள்ள நான்கு அளவுகளுக்கு இந்தச் சூத்திரம் மிகப் பொருத்தமான கோட்டின் சாய்வைத் தரும்:

```
m = [3 × (d4 − d1) + (d3 − d2)] / 10
m = [3 × (39.2 − 11.0) + (29.5 − 20.8)] / 10
m = (84.6 + 8.7) / 10 = 9.33
```

ஒரு மீட்டருக்கு 9.33 மி.மீ., அதாவது 0.00933. இதைத் தலைகீழாக்கினால் 107. சூரியனைப் போல 107 உருண்டைகளை வரிசையாக அடுக்கினால் இங்கிருந்து சூரியனை எட்டும். இந்த 107-தான் நாம் நம் கையால் அளந்த உண்மை. கிலோமீட்டர் வேண்டுமென்றால் சூரியனின் தூரத்தை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டும். ஒரு துளையும் அட்டையும் அதைச் சொல்லாது. அக்டோபர் முதல் வாரத்தில் சூரியன் சராசரி தூரத்துக்கு மிக அருகில், 14.96 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும்.

```
0.00933 × 14,96,00,000 = 13,95,768 கி.மீ.
```

அதாவது சுமார் 13 லட்சத்து 96 ஆயிரம். சர்வதேச வானியல் சங்கம் கணக்குகளுக்காக வகுத்த மதிப்பு 13,91,400 கி.மீ. இதே அளவுகளைத் தனித்தனியாக வகுத்திருந்தால் ஒரு மீட்டர் அளவு 18 சதவீதமும், நான்கு மீட்டர் அளவுகூட 5 சதவீதமும் அதிகமாகக் காட்டியிருக்கும்.

விடை இவ்வளவு கிட்டத்தில் வந்ததற்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் காரணம். புள்ளிகள் கோட்டிலிருந்து 0.3 மி.மீ. வரை விலகி நிற்கின்றன. அந்த விலகலை வைத்துப் பார்த்தால் சாய்வு 1.6 சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம். கிலோமீட்டரில் சொன்னால் 22,000. ஆகவே நேர்மையான விடை, 13,96,000 கி.மீ., கூடவோ குறையவோ 22,000. இந்த இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணை எழுதாதீர்கள்.

அப்புறம் அந்தச் சரிபார்ப்பு. கோட்டைத் தூரம் பூஜ்யம் வரை பின்னோக்கி நீட்டினால் அது 1.8 மி.மீ.யில் வெட்டுகிறது. அட்டையைத் துளையோடு ஒட்டி வைத்தால் விழும் பொட்டு அது. துளையின் அளவேதான் இருக்க வேண்டும். என் துளை 2 மி.மீ. அந்த எண் துளையின் அளவை ஒட்டி வந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் வந்தால், நீங்கள் வெளி விளிம்பை விட்டு மங்கலான வளையத்தின் நடுவரை மட்டும் அளந்திருக்கிறீர்கள். சாய்வு சரியாகவே இருக்கலாம். நான்கைந்து மி.மீ. என்று வந்தால் ஏதோ பெரிதாகத் தவறியிருக்கிறது. பெரும்பாலும் கிட்டத்து அட்டை சாய்ந்திருக்கும், அல்லது துளைத் தகட்டிலிருந்து அளக்காமல் ஜன்னல் சட்டத்திலிருந்து தூரத்தை அளந்திருப்பீர்கள்.

ஒரு குறை மட்டும் இந்த முறையில் மிஞ்சுகிறது. ஒரு மீட்டரில் பொட்டு நான்கு மீட்டரில் இருப்பதைவிடப் பல மடங்கு பிரகாசம். அதனால் கிட்டத்தில் கண் மங்கலான ஓரத்தின் கடைசிவரை பார்க்கும், தூரத்தில் சற்று முன்னதாகவே நின்றுவிடும். இது சாய்வைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அறை நீளமாக இருந்து சூரியன் தாழ்வாகக் கிடைத்தால், ஒரு மீட்டரை விட்டுவிட்டு 2, 3, 4, 5 என்று அளங்கள். அதே சூத்திரம் பொருந்தும்.

ஜனவரியும் ஜூலையும்

வேறு மாதத்தில் அளப்பவர்கள் 14.96 கோடி என்ற எண்ணை அப்படியே போடக் கூடாது. பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் 14.71 கோடி கி.மீ. தொலைவில், ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி கி.மீ. தொலைவில். அதற்கேற்ப பிம்பம் ஜனவரியில் மீட்டருக்கு 9.46 மி.மீ., ஜூலையில் 9.15 மி.மீ. வளரும்.

இந்த வித்தியாசத்தையே அளந்துவிடலாம். இதற்குச் சாய்வு தேவையில்லை. அதே துளைத் தகட்டைப் பத்திரமாக எடுத்து வைத்து, இரண்டு மாதங்களிலும் நான்கு மீட்டரில் மட்டும் பலமுறை படியுங்கள். துளையின் பங்கு இரண்டிலும் ஒன்றே, அதனால் வித்தியாசம் முழுக்கச் சூரியனுடையது: 1.2 மி.மீ. ஐந்து வாசிப்புகளின் சராசரிக்கு இது எட்டும் தூரம்தான்.

இத்தாலியின் போலோன்யா நகரில் சான் பெட்ரோனியோ தேவாலயத்தின் மேற்கூரையில் 1655-ல் வானியலாளர் காசினி இதே மாதிரி ஒரு துளையை அமைத்தார். தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் உயரம். தரையில் விழுந்த பொட்டு ஆண்டு முழுவதும் எப்படிப் பெருத்துச் சிறுக்கிறது என்று அளந்து, விண்மீன்களிடையே சூரியன் நகர்வதாகத் தெரியும் வேகம் ஆண்டுக்குள் மாறுவதற்குத் தூர மாற்றம் ஒரு பாதிதான் காரணம், மறுபாதி பூமி உண்மையிலேயே வேகம் கூட்டிக் குறைப்பதால் வருகிறது என்ற கெப்ளரின் முடிவு சரி என்று கண்டார். 27 மீட்டரில் ஜனவரிப் பொட்டுக்கும் ஜூலைப் பொட்டுக்கும் உள்ள வித்தியாசம், அட்டையைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்தாலே, எட்டு மி.மீ.க்கு மேல். உங்கள் அறையில் அது 1.2 மி.மீ.; அட்டையில் வரைந்த ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகர அது போதும்.